புகார் தீர்ந்தது என்று எழுதிக்கொடுக்கும்போது

*அலமாரி செய்துகொடுத்த நிறுவனத்தின் மீது ஒரு புகார் கொடுத்திருந்தேன். பேசி முடித்தாயிற்று. இரண்டு கதவுகளை மாற்றித் தந்துவிட்டார்கள், கொஞ்சம் பணமும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது, "புகார் தீர்ந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். எழுதிக்கொடுக்கலாமா? என்ன எழுத வேண்டும்?*

எழுதிக்கொடுக்கலாம். ஆனால் பணம் உங்கள் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு எழுதுங்கள், "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இந்தக் கதவுப் பிரச்சினையை மட்டும் தொடும்படி எழுதுங்கள். இந்த இரண்டையும் கவனித்துவிட்டால் மீதி எல்லாம் ஏழெட்டு வரிக் கடிதம்தான்.

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இந்த மாதிரி மெயில்களை எழுதச் சொல்லிக் கேட்கும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவர்கள் கேட்பதில் சூழ்ச்சி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு புகாரை முடித்தால்தான் பணத்தைத் திருப்பித் தந்ததற்குக் கணக்கு காட்ட முடியும். முடித்ததற்கு வாடிக்கையாளரின் சொல் ஒன்று கோப்பில் இருந்தால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நடந்தது என்னவென்று புரியும். ஆகவே கேட்பது நியாயம்தான். நீங்கள் எழுதும் வார்த்தைகள்தான் முக்கியம்.

எங்கள் கோப்புகளில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குளிர்பதனப் பெட்டியின் உள் தட்டு ஒன்று உடைந்த நிலையில் வந்ததற்காக ஒருவர் புகார் கொடுத்திருந்தார். சின்ன விஷயம், தட்டை மாற்றித் தந்தார்கள். அவர் நல்ல மனதோடு, "உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, இனியும் இருக்காது" என்று எழுதி அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து கம்ப்ரசர் நின்றுபோனது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. ஆனால் அன்று அழைப்பை எடுத்த ஊழியர் பழைய கோப்பைத் திறந்து, அந்த வரியைப் படித்துக் காட்டி, முடியாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் மேலதிகாரி தலையிட்டுச் சரிசெய்தார் என்பது உண்மை. ஆனால் அதற்குள் பல வாரங்கள் ஓடிவிட்டன, அவ்வளவு நாளும் அந்த வீட்டில் பெட்டி ஓடவில்லை. உடைந்த ஒரு தட்டுக்காக எழுதிய வரி கம்ப்ரசர் வரைக்கும் நீண்டுவிட்டது. அந்த மனிதர் பேராசைப்படவில்லை, ஏமாற்றவுமில்லை. எந்தக் கோரிக்கை என்பதை எழுதாமல் விட்டார், அவ்வளவுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் தேதியும் தொகையும் சொல்லவில்லை, அதனால் எண்களை நானே போட்டுக்கொள்கிறேன். மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

> பொருள்: புகார் எண் 4471, தீர்வை ஏற்றுக்கொள்வது பற்றி
>
> வணக்கம்.
>
> ஆர்டர் எண் 2093-இன்படி நீங்கள் செய்து பொருத்திய அலமாரியின் மேல் கதவுகள் இரண்டும் சரியாக மூடுவதில்லை என்று மார்ச் 3 அன்று நான் கொடுத்த புகார் தொடர்பாக எழுதுகிறேன்.
>
> மார்ச் 18 அன்று தொலைபேசியில் நாம் ஒப்புக்கொண்டபடி, அந்த இரண்டு கதவுகளும் மார்ச் 25 அன்று புதிதாக மாற்றித் தரப்பட்டன. திருப்பித் தருவதாகச் சொன்ன தொகை 6,500 முழுவதும் மார்ச் 29 அன்று என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது.
>
> இதை இந்தப் புகாருக்கான முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன். மேலே சொன்ன கதவுக் குறைபாடு தொடர்பாக எனக்கு உங்களிடம் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. புகாரை முடித்துக்கொள்ளலாம்.
>
> அலமாரியின் மற்ற பாகங்களுக்கும், புதிதாகப் பொருத்திய கதவுகளுக்கும் உள்ள உத்தரவாதம் இதனால் மாறாது.
>
> உங்கள் பதிவில் புகார் முடிந்ததாகக் குறித்துக்கொண்டு, ஒரு வரி பதில் அனுப்புங்கள்.

இவ்வளவு போதும். எத்தனை முறை அழைத்தீர்கள், முதலில் வந்த ஆள் எப்படிப் பேசினார் என்பதையெல்லாம் இதில் எழுத வேண்டாம். அந்தக் கதை உங்கள் பழைய மெயில்களில் இருக்கிறது. முடித்து எழுதும் கடிதத்தில் அதை மறுபடி சொன்னால், அவர்கள் பக்கத்தில் யாராவது "அப்படி நடக்கவில்லை" என்று பதில் எழுத வேண்டிய கட்டாயம் வரும். தீர்ந்த விஷயம் மறுபடி விவாதத்துக்குப் போகும். கோபம் இன்னும் இருந்தால் அதைத் தனியாக, வேறொரு நாளில் எழுதுங்கள்.

பொருள் வரியிலும் முதல் பத்தியிலுமாகப் புகார் எண், ஆர்டர் எண், குறை என்ன என்று மூன்றும் இருக்கின்றன. இதில் குறையைச் சொல்லும் வார்த்தைகளுக்குத்தான் அதிக கவனம் தேவை, ஏனென்றால் பின்னால் வரும் "கோரிக்கை இல்லை" என்ற வரி இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது. "அலமாரி பற்றிய புகார்" என்று எழுதினால் விட்டுக்கொடுப்பது அலமாரி முழுவதையும் பற்றியதாகிவிடும். "மேல் கதவுகள் இரண்டும் சரியாக மூடுவதில்லை" என்று எழுதினால் அந்த இரண்டு கதவுகளோடு நிற்கும். நாளைக்குக் கீழ்த் தட்டு வளைந்தால் அது வேறு குறை, வேறு புகார்.

இரண்டாவது பத்தியில், ஒப்புக்கொண்டது என்ன, நடந்தது என்ன என்று இரண்டும் சேர்ந்தே வருகின்றன. பல பேர் ஏதாவது ஒன்றைத்தான் எழுதுகிறார்கள். "பணம் வந்துவிட்டது" என்று மட்டும் எழுதினால், எவ்வளவு வர வேண்டியிருந்தது என்பது எங்குமே பதிவாகாமல் போகும். உங்களுடைய ஒப்பந்தம் தொலைபேசியில் முடிந்தது என்றால் இந்த வரி இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தப் பேச்சுக்கு இதுதான் எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம். பேசியவரின் பெயர் தெரிந்தால் "உங்கள் வாடிக்கையாளர் பிரிவைச் சேர்ந்த இன்னாருடன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நேரம் பற்றி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பணம் இன்னும் வரவில்லை, தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "அனுப்பிவிட்டோம்" என்று அவர்கள் சொல்வதற்கும் "வந்துவிட்டது" என்று நீங்கள் சொல்வதற்கும் நடுவில் நிறைய நடக்கலாம். கணக்கு எண் தவறாகப் பதிவாகும். அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் போவார். காசோலை என்றால் கையில் வாங்கிய நாளில் அது வெறும் காகிதம், வங்கி அதைப் பணமாக்கிக் கணக்கில் சேர்த்த பிறகுதான் பணம். இது நடப்பதற்கு முன்பே "எல்லாம் பெற்றுக்கொண்டேன், கோரிக்கை இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிட்டால், பணம் வராதபோது உங்கள் சொந்த எழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும்.

சில நிறுவனங்களில் நடைமுறை தலைகீழாக இருக்கும். கடிதம் வந்தால்தான் கணக்குப் பிரிவு பணத்தை விடுவிக்கும். நாங்களும் கொஞ்ச காலம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். அப்படிச் சொன்னால் சண்டை போட வேண்டாம், கடிதத்தை நிபந்தனையோடு எழுதுங்கள்:

> ஒப்புக்கொண்ட தொகை 6,500 ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் என் கணக்கில் முழுவதுமாக வந்து சேர்ந்தால், அந்த நாளிலிருந்து இந்தப் புகாரை முடிந்ததாக ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை புகார் நிலுவையில் இருக்கிறது.

இந்த இரண்டு வரிகள் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் போதுமானவை. எழுத்தில் ஒப்புதல் இருக்கிறது, தொகை இருக்கிறது. உங்களுக்கும் ஆபத்தில்லை. பணம் வந்த அன்று, "தொகை இன்று வந்து சேர்ந்தது" என்று அதே மெயிலுக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தொகை குறைவாக வந்தால்? 6,500-க்குப் பதில் 6,000 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்துவிடாதீர்கள். "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன், மீதி 500 வர வேண்டும்" என்று அன்றே எழுதுங்கள். இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. காசோலையின் மேலோ அதனுடன் வரும் கடிதத்திலோ "முழுமையான இறுதித் தீர்வாக" என்று அச்சடித்து, ஒப்புக்கொண்டதைவிடக் குறைந்த தொகைக்கு அனுப்புவார்கள். அதை வங்கியில் போட்டாலே அந்தத் தொகைக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளும் சட்ட நடைமுறை சில நாடுகளில் இருக்கிறது. அப்படி ஒன்று வந்தால் வங்கியில் போடுவதற்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் சொல்லி, பதில் வாங்கிக்கொண்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

அடுத்து உத்தரவாதம் பற்றிய அந்த ஒற்றை வரி. பழைய கதவுகளுக்குப் பதில் புதிய கதவுகள் வந்திருக்கின்றன. புதியவற்றுக்கு உத்தரவாதம் மாற்றிய நாளிலிருந்து தொடங்குகிறதா, அலமாரியைப் பொருத்திய முதல் நாளிலிருந்தே எண்ணப்படுகிறதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இப்போது உங்களிடமிருந்து ஒன்று தேவைப்படுகிறது. பதில் வந்தால் "மாற்றிய நாளிலிருந்து ஓராண்டு" என்பதுபோல வரியைத் துல்லியமாக்கிவிடுங்கள். பல நாடுகளில் நுகர்வோருக்குச் சட்டமே கொடுத்திருக்கும் சில உரிமைகளை எழுதிக்கொடுத்தாலும் இழக்க முடியாது. ஆனால் அதை நம்பி அகலமாக எழுதிக்கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தச் சட்டத்தைத் தேடிப் போவதைவிட, குறுகலாக எழுதுவது எவ்வளவோ எளிது.

பெரும்பாலும் அவர்களே ஒரு வாசகத்தைத் தயாரித்து, "இதை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்" என்பார்கள். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், முதலில் "எந்தவிதமான", "எக்காலத்திலும்", "தெரிந்த, தெரியாத அனைத்து" போன்ற சொற்களைத் தேடுங்கள். இவைதான் அந்த உடைந்த தட்டை கம்ப்ரசர் வரைக்கும் கொண்டுபோகும் சொற்கள். "தெரியாத கோரிக்கைகளும் இதில் அடங்கும்" என்று இருந்தால், இன்னும் கண்ணில் படாத குறைகளையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பொருள். பெரிய தொகை கைமாறும் தீர்வுகளில் இதைத் தெரிந்தே ஒப்புக்கொள்வார்கள், அதற்கென்று ஒரு விலையும் பேசப்பட்டிருக்கும். இரண்டு கதவுகளுக்காக அதைத் தர வேண்டியதில்லை. அந்த இடத்தில் "மேலே சொன்ன கதவுக் குறைபாடு தொடர்பாக" என்று மாற்றி அனுப்புங்கள். பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். வாசகம் ஏதோ பழைய கோப்பிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும், அனுப்பியவரே அதை ஊன்றிப் படித்திருக்க மாட்டார்.

அப்புறம், "தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது" என்று ஒரு வரி இருக்கலாம். நிறையப் பேர் இதைப் பார்த்ததும் கோபப்படுகிறார்கள். இந்த வரி அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. நல்லெண்ணத்தில் பணம் தருகிறோம், அதை வைத்து எங்களைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் வழக்கமான வரி அது. உங்கள் கையிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஆனால் "அலமாரியில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொள்கிறார்" என்று இருந்தால் அது வேறு. உண்மையில்லாத ஒன்றை நீங்களே சொல்வதாகிறது, அதே கதவு மறுபடி சரிந்தால் உங்கள் வாயை அடைக்கவும் உதவும். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இதேபோல, யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது, எழுதிய கருத்துகளை நீக்க வேண்டும் என்று இருந்தால், மார்ச் 18 அன்று பேசியதில் அது இருந்ததா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அது புதிய நிபந்தனை. முடித்து எழுதும் கடிதம் பேசி முடித்ததைப் பதிவுசெய்வதற்காக, புதிதாக எதையும் சேர்ப்பதற்காக அல்ல. "இது நாம் ஒப்புக்கொண்டதில் இல்லை" என்று சொல்ல உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. இது உங்களுக்கும் பொருந்தும்: இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றினால், அதை இந்தக் கடிதத்தில் நுழைக்காதீர்கள்.

"முழு திருப்தியுடன்" என்று எழுதச் சொன்னால் நான் தயங்குவேன். அது மரியாதைச் சொல்லாகத்தான் தெரியும். ஆனால் வேலை எப்படி இருந்தது என்பதற்கு நீங்கள் தரும் சான்றிதழாகவும் அதைப் படிக்கலாம். "தீர்வை ஏற்றுக்கொள்கிறேன்" என்பது நடந்ததைச் சொல்கிறது, அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. உண்மையிலேயே திருப்தி இருந்தால் தாராளமாக எழுதுங்கள். நன்றாக வேலை செய்த தச்சருக்கோ, பொறுமையாகப் பேசியவருக்கோ ஒரு வரி நன்றி சொல்வதிலும் தவறே இல்லை. புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படி ஒரு வரி அபூர்வமாகத்தான் வரும், எனக்கு வந்த சிலவற்றை இன்றும் நினைவு வைத்திருக்கிறேன்.

மறுபுறம், "எல்லாம் சரியாகிவிட்டது, நன்றி" என்று ஒற்றை வரியில் முடித்துவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் உதவாது. எது சரியானது, எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் என்று எதுவும் அதில் இல்லை. நிறுவனத்துக்கும் அது போதாது, நாளைக்கு உங்களுக்கும் போதாது.

கடிதத்தைப் புதிய மெயிலாக அனுப்பாமல், புகார் பற்றி நடந்த பழைய மெயில் தொடருக்குப் பதிலாகவே அனுப்புங்கள். முதல் புகாரிலிருந்து கடைசி வரி வரை ஒரே இடத்தில் இருக்கும். கதவு மாற்றியபோது கையெழுத்து வாங்கிய சீட்டு, பணம் வந்ததைக் காட்டும் வங்கிப் பதிவு, இந்த மெயில், அவர்களுடைய ஒரு வரி பதில் ஆகிய நான்கையும் குறைந்தது உத்தரவாதக் காலம் முடியும் வரை வைத்திருங்கள். அந்தப் பதில் ஒரு வாரமாகியும் வரவில்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். புகார் அவர்கள் பதிவில் திறந்தே கிடந்தால், மாதங்கள் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஒருவர் உங்களை அழைத்து முதலிலிருந்து விசாரிப்பார்.

நிறுவனத்திடம் மட்டுமல்லாமல் வேறு எங்காவதும் புகார் கொடுத்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கார்டில் பணம் கட்டியவர்கள் சில நேரம் வங்கியிடமும் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டு மனு கொடுத்திருப்பார்கள். நிறுவனம் தந்த பணமும் வந்து, வங்கி வழியாகவும் பணம் வந்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை வாங்கியதாகிவிடும், பிறகு அது உங்கள் மேல் திரும்பும். அதேபோல நுகர்வோர் அமைப்பிலோ நீதிமன்றத்திலோ மனு நிலுவையில் இருந்தால், இந்த மெயில் அதை முடித்துவைக்காது. அங்கே தனியாக, அவர்கள் முறைப்படி திரும்பப் பெற வேண்டும். இங்கும் அதே வரிசைதான்: முதலில் பணம், பிறகு வாபஸ். பணம் வருவதற்கு முன் மனுவைத் திரும்பப் பெற்றால், சில இடங்களில் அதே விஷயத்தை மறுபடி கொண்டுவர முடியாமல் போகலாம்.

நான் மேலே சொன்னதெல்லாம் உங்களுடையதைப் போன்ற புகாருக்கு, அதாவது ஒரு பொருளில் குறை, கொஞ்சம் பணம், மாற்றித் தந்த பாகம் என்ற அளவில் நிற்பதற்கு. அந்தக் கதவு யார் மேலாவது விழுந்து காயம் பட்டிருந்தால் இதை நீங்களாக எழுதிக்கொடுக்க வேண்டாம். காயத்தின் முழு விளைவு சில மாதம் கழித்துத்தான் தெரியலாம், அதற்குள் கோரிக்கை இல்லை என்று எழுதிவிட்டால் திரும்ப வருவது கடினம். அப்படியானால் ஒரு வழக்கறிஞர் அந்த வாசகத்தைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது இதுதான்: பணம் எந்தத் தேதிக்குள் வரும், புதிய கதவுகளுக்கு உத்தரவாதம் எந்த நாளிலிருந்து என்று இரண்டு கேள்விகளை இன்றே அவர்களுக்கு எழுதுங்கள். "தொகை வந்ததும் முடித்து எழுதிவிடுகிறேன்" என்று ஒரு வரியும் சேருங்கள். கதவுகளை இந்த நாட்களில் பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். புதிய கீல்கள் கொஞ்சம் பழகும்போது கதவு இறங்குவதுண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால், கடிதம் அனுப்புவதற்கு முன்பே வந்து சரிசெய்யச் சொல்லிவிடலாம்.